ரேவதிக்கு எட்டு, ரோகிணிக்கு ஏழு: ஜாதகத்தை எப்போது பார்ப்பது, ஆளை எப்போது விசாரிப்பது?

மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் வரன்களுக்குப் பெயர் இருப்பதில்லை, நட்சத்திரம்தான் இருக்கும். அக்கா மகளுக்குப் பார்த்த ஆறு மாதமும் திருச்சியில் அவர்கள் வீட்டில் ‘ரேவதி மாப்பிள்ளை’, ‘ரோகிணி மாப்பிள்ளை’ என்றுதான் பேச்சு. நான் தாய்மாமன் என்பதால் ஜோதிடரிடம் போவதும் ஊர் ஊராகப் போய் விசாரிப்பதும் என் தலையில் விழுந்தன. இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்ததால் இரண்டின் பலமும் பலவீனமும் எனக்குப் பக்கத்திலிருந்து தெரிந்தன. இதே கட்டத்தில் நிற்கும் குடும்பங்களுக்கு இருக்கும் வழிகளை அதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

வழிகள் நான்கு. ஜாதகத்தை முதலில் பார்த்து, பொருந்தியவர்களை மட்டும் விசாரிப்பது. ஆளை முதலில் விசாரித்து, பிடித்தால் ஜாதகம் பார்ப்பது. ஜாதகத்தில் எதை மட்டும் பார்ப்போம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்வது. ஜாதகமே பார்க்காமல் இருப்பது. பெரும்பாலான வீடுகளில் முதல் வழிதான் நடைமுறை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கினோம்.

அக்கா மகள் அஸ்தம், கன்னி ராசி. ரேவதி மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் பத்துக்கு எட்டு. மாகேந்திரமும் ராசி அதிபதியும் மட்டும் இல்லை. தினம், கணம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, வசியம், ரஜ்ஜு, வேதை எல்லாம் இருந்தன. அத்தான் அந்தத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டார். ரோகிணி மாப்பிள்ளைக்கு ஏழு. எட்டுக்கும் ஏழுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் இல்லாத மூன்றில் ஒன்று ரஜ்ஜு. அஸ்தமும் ரோகிணியும் ஒரே கண்ட ரஜ்ஜு. கண்டம் என்றால் கழுத்து. ஆணும் பெண்ணும் கண்ட ரஜ்ஜுவாக இருந்தால் பெண்ணின் உயிருக்கு ஆகாது என்பது சாஸ்திரம் சொல்லும் பலன். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை.

இந்தப் பத்துப் பொருத்தம் எதிலிருந்து வருகிறது என்பதை எத்தனையோ கல்யாணம் பார்த்த பெரியவர்கள்கூட யோசித்துப் பார்த்ததில்லை. பத்தும் இரண்டே தகவலிலிருந்து வருகின்றன: பெண் பிறந்தபோது சந்திரன் நின்ற நட்சத்திரம், பிள்ளை பிறந்தபோது சந்திரன் நின்ற நட்சத்திரம். ராசியும் அந்தச் சந்திரனை வைத்ததுதான். 27 நட்சத்திரங்களைச் சந்திரன் சுமார் 27 நாள் 8 மணி நேரத்தில் சுற்றி வருகிறது. ஆகவே ஒரு நட்சத்திரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும். அந்த ஒரு நாளில் பிறந்த எல்லா ஆண் குழந்தைகளுக்கும் அக்கா மகளோடு அதே எட்டுப் பொருத்தம் உண்டு. அன்று பிறந்தவர்களில் தங்கமானவனும் இருப்பான், பெற்ற தாயை அடிப்பவனும் இருப்பான். எட்டு என்ற எண் அவர்களைப் பிரித்துக் காட்டாது.

இதை நான் ஜோதிடத்தை மறுப்பதற்காகச் சொல்லவில்லை. நாங்கள் போன ஜோதிடரே சொன்னார்: “நட்சத்திரப் பொருத்தம் வாசற்படிதான். ஏழாம் இடம், எட்டாம் இடம், நடக்கிற தசை, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தசை மாறுகிறதா என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் நான் வாய் திறப்பேன்.” படித்த ஜோதிடர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் குடும்பங்கள் வாசற்படியிலேயே நின்றுவிடுகின்றன. எண் கையில் கிடைத்ததும் ஒரு பக்கம் நிம்மதியும் மறு பக்கம் பயமும் வந்துவிடுகின்றன.

ஜாதகத்தை முதலில் பார்ப்பதன் பெரிய பாதிப்பு எண்ணிக்கையில் இருக்கிறது. கண்ட ரஜ்ஜுவில் ரோகிணி, திருவாதிரை, அஸ்தம், சுவாதி, திருவோணம், சதயம் என்று ஆறு நட்சத்திரங்கள். 27-ல் 6 போனால் நூறு வரன்களில் சுமார் 22 பேர் கழிவார்கள். மீதி 78. அடுத்தது செவ்வாய் தோஷம். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்து வழக்கம். பன்னிரண்டு வீடுகளில் ஐந்து, அதாவது ஐந்தில் இரண்டு பேருக்கும் மேல். பெண்ணுக்குத் தோஷம் இல்லை என்றால் தோஷமுள்ள பிள்ளை வேண்டாம் என்பார்கள், மீதி 45. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிற ஜோதிடரிடம் போனால் இதைவிட மிகக் குறையும். ஆட்சி, உச்சம், குரு பார்வை என்று விலக்கு சொல்கிறவரிடம் போனால் கூடும். பிறகு வயது, படிப்பு, சம்பளம், ஊர். நூறில் நான்கைந்து மிஞ்சினால் அதிகம்.

இத்தனை பேரைக் கழித்து வந்த நான்கு பேர் என்றதும் மனம் என்ன செய்கிறது என்பதை அத்தானிடம் பார்த்தேன். தேடித் தேடிக் கால் ஓய்ந்த பிறகு எட்டுப் பொருத்தத்தோடு ஒரு வரன் வந்தால், அதைக் கெடுக்கிற எந்தச் செய்தியையும் காது வாங்க மறுக்கிறது. ரேவதி மாப்பிள்ளை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நல்ல சம்பளம், அமைதியான பேச்சு. “விசாரித்துவிட்டு வா மாப்பிள்ளை, சும்மா ஒரு முறைக்கு” என்று அத்தான் என்னை அனுப்பினார். முறைக்காகச் செய்யும் விசாரிப்பில் ஒன்றும் கிடைக்காது. பிள்ளை வீட்டார் கொடுத்த இரண்டு தொலைபேசி எண்களுக்குப் பேசினால் இரண்டு பேரும் தங்கமான பையன் என்றார்கள். வேறு எப்படிச் சொல்வார்கள்?

விசாரிப்பு எங்கே பொய்த்துப் போகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். நம் ஊரில் ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் தனக்கு வேண்டாம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஆகவே “பையன் எப்படி?” என்று கேட்டால் பதில் எப்போதும் “நல்ல பையன்” என்றே வரும். குணத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கக் கூடாது, நடந்ததைக் கேட்க வேண்டும். ரேவதி மாப்பிள்ளை முன்பு குடியிருந்த வீட்டுக்கார அம்மாளிடம் முதலில் எப்படி என்று கேட்டேன். நல்ல பையன் என்றார். பிறகு எந்த மாதம் காலி செய்தார் என்று கேட்டேன். “ஆவணியில், மாதம் முடியும் முன்பே போய்விட்டார்.” ஏன் அவ்வளவு அவசரம் என்றேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார். “இரண்டு பேர் பைக்கில் வந்து இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்கள். பணம் விஷயம் போல. எனக்கு எதற்கு வம்பு?” என்று சொல்லிவிட்டு மறுபடி வாளியை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை, தேவையும் இல்லை.

பெண் பார்க்க வந்தபோது ஒரு பைசா கடன் இல்லை என்று சொன்னவர் அவர். நான் அவருடைய சிபில் அறிக்கையைக் கேட்டேன். இப்படிக் கேட்பது அவமரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் எங்கள் பெண்ணின் அறிக்கையை முதலில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, ஆகவே யாருக்கும் செலவில்லை. பத்து நாள் இழுத்த பிறகு வந்தது. மூன்று தனிநபர் கடன்கள், மொத்தம் ஒன்பது லட்சம் பாக்கி, ஒன்றில் தவணை தவறியிருந்தது. கைமாற்றுக் கடன் அறிக்கையில் வராது, பைக்கில் வந்தவர்கள் கணக்கு தனி.

கடன் யாருக்கும் வரும். தங்கை கல்யாணம், அப்பா மருத்துவம் என்று நியாயமான கடன்கள் எத்தனையோ. கேட்டபோது இல்லை என்று சொன்னதுதான் என்னை உறுத்தியது. ஆனால் அத்தான் அதைப் பார்த்த விதம் வேறு. “எட்டுப் பொருத்தம் உள்ள இடம். கடன் இன்று இருக்கும், நாளை தீரும்” என்றார். அதே மனிதர் ரோகிணி மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது ரஜ்ஜுவை ஒரு நாளும் தீரக்கூடியதாக நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குறை சிறுத்துப்போகிறது, நட்சத்திரத்தில் இருக்கும் குறை மலையாகிவிடுகிறது. ஜாதகம் முதலில் என்ற வழியில் எனக்கு இருக்கும் கடுமையான ஆட்சேபம் இதுதான்.

அப்படியானால் ஆளை முதலில் பார்த்துப் பிடித்த பிறகு ஜாதகம் பார்க்கலாமா? கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் நான்கில் மிகக் கொடுமையான வழி இது என்பேன். இரண்டு பேரும் பேசிப் பழகி, மனத்தில் ஒரு இடம் கொடுத்த பிறகு, மூன்றாவது ஆள் ஒருவர் தாளைப் பார்த்து வேண்டாம் என்கிறார். அந்தப் பெண் எதைத் திருத்திக்கொள்ள முடியும்? பிறந்த நாளையா? பார்க்கத்தான் போகிறோம், பொருந்தாவிட்டால் நிறுத்தத்தான் போகிறோம் என்றால், அதை முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிட வேண்டும். கடைசியில் வைப்பவர்கள் ஒன்று, யாரையாவது வதைக்கிறார்கள், அல்லது எப்படியாவது பொருந்த வைக்கும் ஜோதிடரைத் தேடிப் போகிறார்கள்.

எங்களுக்கும் அந்தச் சோதனை வந்தது. ரோகிணி மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர். முதல் முறை பேசும்போதே, இரண்டு வருடத்துக்கு முன் தனக்கு நிச்சயம் ஆகி நின்றுபோனது என்றும், கோபம் தனக்குக் கொஞ்சம் அதிகம் என்றும் அவராகவே அக்கா மகளிடம் சொன்னார். நின்றுபோன நிச்சயத்தைப் பற்றி நான் அந்தப் பெண் வீட்டுப் பக்கமே விசாரித்தேன். அவர் சொன்னதும் அவர்கள் சொன்னதும் ஒத்துப்போயின. அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவர், கோபப்படுவார், மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்பார் என்றார். சொன்னதும் விசாரித்ததும் ஒன்றாக இருந்த ஒரே வரன் அவர்தான்.

அக்கா மனம் கேட்காமல் அவருடைய பிறந்த நேரத்தைக் கொடுத்து எங்கள் ஜோதிடரிடம் புதிதாகக் கணிக்கச் சொன்னாள். அவர்கள் வீட்டு ஜாதகம் திருக்கணிதத்தில் எழுதியது. எங்கள் வீட்டு வழக்கம் வாக்கியம். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திர வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது, திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கோடு ஒத்துப்போவது. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு இருக்கும் என்றால், சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ல். வாக்கியப்படி திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்தது அதே வருடம் டிசம்பர் 20-ல். நட்சத்திரத்தில் வரும் இடைவெளி சில மணி நேரம்தான். ஆனால் இந்தப் பிள்ளை பிறந்தது சரியாக அந்தச் சில மணி நேரத்துக்குள். திருக்கணிதத்தில் ரோகிணி முதல் பாதம், வாக்கியத்தில் கார்த்திகை நான்காம் பாதம்.

கார்த்திகை என்றதும் கணக்கு முழுவதும் புரண்டது. கார்த்திகை வயிற்று ரஜ்ஜு, ஆகவே ரஜ்ஜு பொருந்திவிட்டது. இல்லாதிருந்த தினப் பொருத்தமும் வந்தது. ஆனால் ரோகிணி மனுஷ கணம், கார்த்திகை ராட்சச கணம், தேவ கணத்துப் பெண்ணுக்கு ஆகாது. மாகேந்திரமும் போனது. கூட்டிப் பார்த்தால் மறுபடியும் அதே ஏழு. காலையில் பெண்ணின் உயிருக்கு ஆகாதவராக இருந்தவர் மாலையில் ராட்சச கணத்துக்காரர். அக்கா ஒரு பயத்தை இறக்கி வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அவள் மகள், “அம்மா, இரண்டு தாளிலும் இருப்பது ஒரே ஆள்தான். அவரைப் பற்றி மாமா விசாரித்துவிட்டு வந்ததில் எதுவும் மாறவில்லை” என்றாள். அந்தத் திருமணம்தான் நடந்தது. மூன்று வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார்கள். அதை வைத்து ரஜ்ஜு பொய் என்று நான் வாதிட மாட்டேன், ஒரு தம்பதியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நட்சத்திரச் சந்தியில் பிறந்தவர்களுக்கு எண்ணை நம்பி முடிவு எடுக்கக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பாதத்தைப் பாருங்கள். முதல் பாதமோ நான்காம் பாதமோ என்றால் எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள். பிறந்த நேரம் குறித்தது யார் என்றும் கேளுங்கள். லக்னம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுகிறது, செவ்வாய் தோஷமே அதைப் பொறுத்தது. மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் நேரத்துக்கும் வீட்டுப் பெரியவர்கள் எழுதிவைத்த நேரத்துக்கும் அரை மணி வித்தியாசம் இருப்பதை நிறைய ஜாதகங்களில் பார்த்திருக்கிறேன்.

ஜாதகமே வேண்டாம் என்பவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வீடும் மனதார ஒத்துக்கொண்டால் அதைவிட எளிய வழி இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் உள்ளூர நம்பிக்கொண்டு வெளியே சம்மதித்தால், பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் மருமகள் நட்சத்திரத்தைத்தான் சொல்வார்கள். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று கேட்டே வளர்ந்த வீடுகளில் இந்தப் பேச்சு பத்து வருடம் கழித்தும் வரும். அந்தப் பெண் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். சம்மதம் உண்மையானதா என்று மாமியார் ஆகப்போகிறவரிடமே நேரில் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. “ஜாதகம் பொருந்தவில்லை” என்பது நம் சமூகத்தில் யார் மனமும் நோகாமல் விலகிக்கொள்ளக் கிடைத்திருக்கும் ஒரே வாக்கியம். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை, பிள்ளை குடிக்கிறான், வீட்டுப் பேச்சு சரியில்லை எல்லாவற்றையும் அதில் மூடிச் சொல்கிறோம். ஓசூர் வீட்டுக்கும் நாங்கள் கடைசியில் அதைத்தான் சொன்னோம். எட்டுப் பொருத்தம் என்று அவர்கள் ஜோதிடரும் சொல்லியிருப்பார், ஆகவே அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் மறுவார்த்தை கேட்கவில்லை. ஜாதகம் பார்க்காத வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேண்டாம் என்பதை நேராகச் சொல்லும் தைரியத்தையும் சேர்த்து வளர்த்துக்கொள்ள வேண்டும்.

என் தேர்வு மூன்றாவது வழி, வரம்பு கட்டுவது. அக்காவின் இரண்டாவது மகளுக்கு இந்தத் தையில் தொடங்கியிருக்கிறோம். எந்த ஜாதகமும் வருவதற்கு முன்பே அத்தான், அக்கா, நான், அந்தப் பெண் நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஒரே ஜோதிடர், வாக்கியப் பஞ்சாங்கம் மட்டும். ரஜ்ஜுவும் தசா சந்தியும் பார்ப்போம், பத்துக்கு எத்தனை என்று எண்ண மாட்டோம். செவ்வாயைப் பற்றி அத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. லக்னத்திலிருந்து மட்டும், விலக்குகளோடு பார்ப்பது என்று முடிந்தது. ஜாதகம் வந்த இரண்டு நாளுக்குள் ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் நான் விசாரிக்கப் போவேன், அறிக்கைகள் மாற்றிக்கொள்வோம், அதன் பிறகு பெண்ணும் பிள்ளையும் பேசுவார்கள். பேச ஆரம்பித்த பிறகு ஜாதகத்தை யாரும் மறுபடி எடுக்கக் கூடாது. எட்டு என்றோ ஒன்பது என்றோ சொல்லி விசாரிப்பில் வந்த எதையும் மூடவும் கூடாது.

சென்ற மாதம் அனுஷத்தில் ஒரு வரன் வந்தது. இரண்டாம் நாள் ஜோதிடர் சரி என்றார். நான் இரண்டு ஊருக்குப் போய் வந்தேன். பெண்ணும் பிள்ளையும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜாதகத்தை அக்கா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் கழித்து நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, “தம்பி, என் கையில் இருந்தால் எடுத்துப் பார்த்துவிடுவேன்” என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.